வேர்டில் அடித்த அழைப்பிதழை வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரே படமாக மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அழைப்பிதழ் அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வேர்டில் ஏ4 தாளில் அழகாகவே அடித்தேன், மேலே பிள்ளையார், சுற்றிலும் கரை, கீழே இரண்டு பத்தியாகச் சொந்தக்காரர்கள் பெயர். திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்ட ஐந்தாவது நிமிடம் பெரியம்மாவிடமிருந்து குரல் பதிவு வந்தது: "தம்பி, கண்ணாடி போட்டும் ஒண்ணும் தெரியலப்பா, என்னைக்கு விசேஷம்?" அதற்குப் பின்னால் மூன்று பேர் அதே கேள்வி. அதாவது, அழைப்பிதழ் போய்ச் சேர்ந்துவிட்டது, தேதி மட்டும் போய்ச் சேரவில்லை.

தப்பு எங்கே என்று ஒரு சின்னக் கணக்கிலேயே தெரிந்துவிடும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. சாதாரண போனைக் கையில் நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் ஏறக்குறைய 7 செ.மீ. தாள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, அப்போது 12 பாயிண்டில் அடித்த எழுத்து 4 பாயிண்ட் அளவில் தெரியும். மருந்து டப்பாவில் இருக்கும் பொடி எழுத்து கூட அதைவிடப் பெரிது. தமிழில் சுழியும் கொம்பும் காலும் இருப்பதால் ஆங்கில எழுத்தைவிட முன்னதாகவே இது கலங்கிப் போகும், ன எது ண எது என்றே தெரியாது.

ஆகவே முடிந்த அழைப்பிதழைப் படமாக மாற்றுவது எப்படி என்று தேடுவதில் பயனில்லை. தாளையே போன் அளவுக்கு வெட்டிக்கொண்டு, அதற்குள் என்ன அடங்குமோ அதை மட்டும் எழுத வேண்டும். வேர்டிலேயே செய்யலாம், வேறு டிசைன் செயலி தேவையில்லை. கணினியில் உள்ள வேர்டை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் தாள் அளவு

பழைய கோப்பைத் திருத்த வேண்டாம், புதிதாக ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்துகொள்ளுங்கள். `Layout > Size > More Paper Sizes` போய் `Width` என்ற இடத்தில் 12 cm, `Height` இடத்தில் 16 cm என்று கொடுங்கள். அப்படியே பக்கத்திலிருக்கும் `Margins` தாவலில் நான்கு பக்கமும் 0.8 cm. ஓரம் ரொம்பக் குறைவாக இருக்கிறது, அச்சில் வெட்டுப்படும் என்று வேர்ட் எச்சரித்தால் `Ignore` கொடுத்துவிட்டுப் போங்கள், இது அச்சுக்குப் போகிற தாள் இல்லை.

ஏன் 12-க்கு 16? இரண்டு காரணம். ஒன்று, வாட்ஸ்அப் அரட்டையில் படம் முதலில் ஒரு சிறிய பெட்டிக்குள் தெரிகிறது, ரொம்ப நீளமான படமாக இருந்தால் அந்தப் பெட்டியில் மேலும் கீழும் வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் காட்டும். ஸ்டேட்டஸுக்குப் போடுகிற 9-க்கு 16 வடிவத்தைக் குழுவில் போட்டால் தலைப்பும் இடமும் காணாமல் போய் நடுவில் உள்ள "அன்புடையீர்" மட்டும் தெரிவது இதனால்தான். 3-க்கு 4 என்ற வடிவம் பெரும்பாலும் முழுசாக உட்காரும். இரண்டாவது, ஒரு செ.மீ.க்கு 100 பிக்சல் என்று வைத்துக்கொண்டால் படம் 1200-க்கு 1600 ஆகிறது. சாதாரணத் தரத்தில் அனுப்பும்போது பெரிய படத்தை வாட்ஸ்அப் நீளவாக்கில் 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கிவிடுகிறது, நாமே அந்த அளவில் கொடுத்துவிட்டால் சுருக்குகிற வேலை அதற்கு மிச்சம், எழுத்தின் விளிம்பும் தப்பிக்கும்.

இந்தத் தாள் போனில் முக்கால்வாசி கூட இல்லை, பாதியை விடக் கொஞ்சம் அதிகமாகத்தான் தெரியும். 18 பாயிண்ட் எழுத்து கையில் 10 பாயிண்ட் போலத் தெரியும், அதாவது புத்தக எழுத்து. அதனால் சாதாரண வரிக்கு 18, எந்தக் காரணத்துக்காகவும் 16-க்குக் கீழே போகாதீர்கள். ஒரு வரிதானே, 12-இல் நுழைத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். அந்த வரியை யாரும் படிக்கப் போவதில்லை, அதற்குப் பதில் அழித்துவிடலாம்.

பழைய எழுத்தைக் கொண்டுவருவதில் உள்ள சிக்கல்

அழைப்பிதழ் வாசகம் பெரும்பாலும் யாரோ அடித்த பழைய கோப்பிலிருந்துதான் வரும். அதை நகலெடுத்து இங்கே ஒட்டும்போது வலது சொடுக்கில் `Keep Text Only` கொடுங்கள், பழைய தாளின் எழுத்தளவும் வண்ணமும் கூடவே ஒட்டிக்கொண்டு வராது.

அப்படி ஒட்டியதும் "திருமணம்" இருக்க வேண்டிய இடத்தில் இப்படி ஏதாவது தெரிந்தால் பயப்படாதீர்கள்:

```
jpUkzk;
```

பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருந்தது, போர்வையை நாம் உருவிவிட்டோம். அச்சகங்களிலிருந்து வாங்கி வருகிற கோப்புகளில் இது சகஜம். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் கொடுத்து யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது உண்மையிலேயே ஆங்கிலத்தில் இருந்த சொற்கள், உதாரணமாக முகவரியில் வரும் கடைப் பெயர் அல்லது மின்னஞ்சல், தமிழ்க் குப்பையாக மாறிவிடும். அவற்றை மட்டும் தனியே கையால் அடித்துக்கொள்ள வேண்டும். மாற்றி முடித்ததும் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், ஒரு கால் விடுபட்டாலும் சம்பந்தி வீட்டில் அதுவே பேச்சாகிவிடும்.

எழுத்துருவுக்கு என் பரிந்துரை `Nirmala UI`. விண்டோஸ் 8 முதல் கூடவே வருகிறது, மெல்லிய கோடுகள் இல்லை, சுருங்கினாலும் தாக்குப்பிடிக்கும். `Latha` பழகிய முகம்தான், ஆனால் அகலமானது, வரிக்கு இரண்டு மூன்று எழுத்து குறையும், அதோடு விண்டோஸ் 10 முதல் அது எல்லாக் கணினியிலும் தானாக இருப்பதில்லை. தூரிகையால் எழுதியது போன்ற அலங்கார எழுத்துருக்களைத் தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், தேதிக்கு வேண்டாம்.

இங்கே வேர்ட் ஒரு விளையாட்டுக் காட்டும். தமிழை அது தனி வகையாகக் கணக்கில் வைத்திருக்கிறது, அதனால் ஒரே வரியில் தமிழுக்கு ஒரு எழுத்துரு, எண்ணுக்கு இன்னொன்று என்று ஓடும். "காலை 6.00 மணி" என்பதில் எண் மட்டும் சின்னதாகவோ வேறு சாயலிலோ தெரிந்தால் அதுதான் காரணம். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து `Ctrl+D` அழுத்துங்கள். வருகிற பெட்டியில் `Latin text` என்று ஒரு பகுதியும் `Complex scripts` என்று ஒரு பகுதியும் இருந்தால் இரண்டிலும் அதே எழுத்துரு, அதே அளவு கொடுங்கள்.

அப்புறம் வரி இடைவெளி. தமிழ் எழுத்துருக்கள் மேலும் கீழும் நிறைய இடம் பிடிக்கும், வேர்ட் தன்போக்கில் விட்டால் பத்து வரியிலேயே தாள் நிறைந்துவிடும். `Paragraph` பெட்டியில் `Line spacing` என்பதை `Exactly` ஆக்கி 18 பாயிண்ட் எழுத்துக்கு 26 pt கொடுங்கள், `Before`, `After` இரண்டும் 0. இதையும் குறைத்து 20, 21 என்று வைத்தால் என்ன ஆகும் தெரியுமா, "கி", "வீ" போன்ற எழுத்துகளின் மேல் சுழி சீவிவிட்டது போல வெட்டுப்படும். திரையைப் பெரிதாக்கி "விழா" என்ற சொல்லின் உச்சியைப் பாருங்கள், சுழி முழுசாக இருந்தால் சரி.

பதினான்கு வரிக்குள் ஒரு விசேஷம்

இந்த அளவில் கணக்குப் போட்டால் ஒரு வரிக்கு ஏறக்குறைய 18 எழுத்து, தாளுக்குச் சாதாரண வரியாக 15. தலைப்பும் தேதியும் பெரிதாக வந்தால் இன்னும் குறையும். இதுதான் கையில் உள்ள நிலம், இதில்தான் வீடு கட்ட வேண்டும்.

எங்கள் பழைய வாசகம் எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன், நீங்களே எண்ணிப் பாருங்கள்: "நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம் தை மாதம் 23-ஆம் நாள் (06.02.2026) வெள்ளிக்கிழமை", அதன் பின் திதி, நட்சத்திரம், யோகம், "கூடிய சுபயோக சுபதினத்தில் காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்", பின்பு லக்னம், பின்பு "எங்களது புதிய இல்லத்தின் கிரகப்பிரவேசம் நடைபெற இருப்பதால் தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து". ஒரே வாக்கியம். கேட்க மங்களமாக இருக்கிறது, அச்சிட்ட அட்டையில் அது அப்படியே இருக்கட்டும். ஆனால் 18 எழுத்து வரியில் போட்டால் இந்த வாக்கியமே முழுத் தாளையும் தின்றுவிடும், தேதி அதற்கு நடுவில் எங்கேயோ புதைந்து கிடக்கும்.

படத்தைப் பார்க்கிறவர் தேடுவது நான்கே விஷயம்: என்ன விசேஷம், என்றைக்கு, எத்தனை மணிக்கு, எங்கே. இந்த நான்கையும் வாக்கியத்திலிருந்து பிய்த்தெடுத்துத் தனித்தனி வரியாக்கிவிட்டு மிச்சத்தை மூன்று வரியில் சுருக்கினேன். முடிவில் வந்தது இது:

உ
புதுமனை புகுவிழா
பிப்ரவரி 6, வெள்ளி
காலை 6.00 – 7.30
விசுவாவசு, தை 23 (06.02.2026)
அன்புடையீர்,
எங்கள் புதிய இல்லத்தின்
புகுவிழாவுக்குக் குடும்பத்துடன்
வந்து வாழ்த்த வேண்டுகிறோம்.
இடம்: (கதவு எண், தெரு)
(ஊர், பக்கத்து அடையாளம்)
காலை விருந்து இல்லத்திலேயே
அன்புடன்,
(அழைப்பவர் பெயர்)

பிள்ளையார் சுழி 14 பாயிண்ட் (வாக்கியம் இல்லை என்பதால் அதற்கு மட்டும் விலக்கு), தலைப்பு 32, தேதியும் நேரமும் 26, தமிழ்த் தேதி 16, மற்றதெல்லாம் 18. வரி இடைவெளிகளைக் கூட்டினால், தேதிக்குக் கீழே விட்ட 12 பாயிண்ட் வெற்றிடத்தையும் சேர்த்து, 406 பாயிண்ட். ஓரம் போக மீதமுள்ள உயரம் 408. இன்னொரு வரிக்கு இடமே இல்லை, அப்பா கேட்டபோது நானும் அதையேதான் சொன்னேன்.

அவர் கேட்டது சொந்தக்காரர்கள் பெயர்ப் பட்டியலை. தாய்மாமன் பெயர் இல்லாமல் பத்திரிகையா என்றார். அது நியாயமான கேள்விதான், எழுத்தளவைப் பற்றிப் பேசி அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. கடைசியில் ஒத்துக்கொண்ட வழி இது: பட்டியலோடு கூடிய முழு அழைப்பிதழை ஏ4 பிடிஎஃபாகப் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பி, கூடவே போனிலும் அழைப்பது, குழுவுக்கு இந்த ஒற்றைப் படம் மட்டும். பட்டியலை எப்படியாவது படத்திலேயே நுழைக்கப் பார்த்தால் 30 பெயர், 8 பாயிண்ட், ஒருவர் பெயரும் தெரியாது, எல்லாருக்கும் சமமாக மனவருத்தம்.

வரி உடைகிற இடத்தை வேர்ட் தீர்மானிக்கக் கூடாது. எந்தச் சொல்லோடு வரி முடிய வேண்டுமோ அங்கே `Shift+Enter` கொடுங்கள். "6.00" ஒரு வரியிலும் "மணி" அடுத்த வரியிலும் பிரிந்து போவது, "திரு." என்பது பெயரை விட்டுத் தனியே வரி முனையில் தொங்குவது, இதற்கெல்லாம் இரண்டுக்கும் நடுவில் சாதாரண இடைவெளிக்குப் பதில் `Ctrl+Shift+Space` அடித்தால் போதும், இரண்டும் ஒட்டிக்கொண்டே நகரும்.

டெக்ஸ்ட் பாக்ஸ்களை வைத்து அடுக்காதீர்கள். ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று ஓடும், கோப்பை வேறு கணினியில் திறந்தால் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். எல்லாமே நடுவில் சீரமைத்த சாதாரணப் பத்திகளாக இருக்கட்டும். கல்யாணம் என்றால் மணமகன், மணமகள் பெயரைப் பக்கம் பக்கமாக வைக்க ஆசை வரும், 12 செ.மீ.க்குள் அது நெரிசல். ஒருவர் கீழ் ஒருவராகப் போடுங்கள், நடுவில் ஒரு சின்னப் பூவோ கோடோ.

பின்னணியும் வண்ணமும்

`Design > Page Color` இருக்கிறதே என்று அதைத் தொட வேண்டாம், திரையில் தெரிவது வெளியே எடுக்கும்போது சில நேரம் வராது, அது வேறொரு அமைப்பைப் பொறுத்தது. நம்பகமான வழி, தாளின் மேல் ஓரத்தில் இரட்டைச் சொடுக்கு கொடுத்து ஹெடருக்குள் போய், கீழே உள்ள வரிகள் தள்ளப்படாமல் இருக்க `Header from Top` என்பதை 0 cm ஆக்கிவிட்டு, அங்கே `Insert > Shapes` மூலம் ஒரு செவ்வகம் வரைந்து 12-க்கு 16 செ.மீ. ஆக்கி, `Wrap Text > Behind Text` கொடுத்து, தாளை முழுசாக மூடும்படி வைப்பது. கரை போட்ட பின்னணிப் படம் கைவசம் இருந்தால் செவ்வகத்துக்குப் பதில் அதையே இப்படி வைக்கலாம். ஹெடருக்குள் இருப்பதால் நீங்கள் எழுத்தைத் திருத்தும்போது கை பட்டு நகராது. வெளியே வந்து பார்த்தால் வண்ணம் வெளுத்துப்போய்த் தெரியும், ஹெடரில் உள்ளதை வேர்ட் அப்படித்தான் காட்டும். பிடிஎஃபில் சரியான வண்ணம் வரும்.

வண்ணத் தேர்வில் நம் ஊர் வழக்கமும் வாட்ஸ்அப்பும் மோதிக்கொள்ளும். மஞ்சளில் பளீர் சிவப்பு, சிவப்பில் மஞ்சள், பச்சையில் சிவப்பு என்றுதான் பத்திரிகை இருக்க வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். வாட்ஸ்அப் படத்தை ஜேபெக் ஆக்கும்போது வெளிச்ச வேறுபாட்டை ஓரளவு கூர்மையாக வைத்துக்கொண்டு வண்ண வேறுபாட்டைப் பாதி நுணுக்கத்தில்தான் வைத்துக்கொள்கிறது. சிவப்பும் பச்சையும் வண்ணத்தில் வேறு, வெளிச்சத்தில் கிட்டத்தட்ட ஒன்று, அதனால் எழுத்தின் விளிம்பு பக்கத்தில் கசிந்து, நனைந்த தாளில் மையால் எழுதியது போல் ஆகிவிடும். ஒன்று இருட்டாகவும் மற்றது வெளிச்சமாகவும் இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. நான் வைத்தது சந்தன நிறப் பின்னணியில் கருஞ்சிவப்பு எழுத்து, மங்களத்துக்கும் குறைவில்லை, பெரியம்மாவுக்கும் தெரிந்தது. சோதிக்க ஒரு எளிய வழி: படத்தைப் போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், அப்போதும் எழுத்து பளிச்சென்று தெரிந்தால் குழுவிலும் தெரியும்.

எழுத்துக்குப் பின்னால் கோயில் கோபுரம், மங்கலாக்கிய வீட்டுப் படம் எதுவும் வேண்டாம். கரை, மூலையில் ஒரு வாழைமரம், அத்தோடு சரி.

படமாக வெளியே எடுப்பது

முதலில் கீழே இடது மூலையைப் பாருங்கள், `Page 1 of 1` என்று இருக்க வேண்டும். `1 of 2` என்றால் கடைசியில் ஒரு வெற்று வரி வழிந்து இரண்டாவது தாளுக்குப் போயிருக்கிறது. அட்டவணை ஏதாவது போட்டிருந்தால் அதற்குக் கீழே வரும் வெற்றுப் பத்தியை வேர்ட் அழிக்க விடாது, அதன் எழுத்தளவை 1 பாயிண்ட் ஆக்கி, வரி இடைவெளியையும் `Exactly` 1 pt ஆக்கிவிடுங்கள்.

விண்டோஸ் வேர்டில் தாளை நேரடியாகப் படமாகச் சேமிக்கும் வசதி இல்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் உங்கள் திரையில் அந்த நேரம் எத்தனை பிக்சலில் தெரிகிறதோ அதுதான் கிடைக்கும், சாதாரண மடிக்கணினியில் முழுத் தாளும் தெரியும்படி வைத்தால் உயரம் 600, 700 பிக்சலைத் தாண்டாது. நமக்கு வேண்டியது 1600. நான் முதல் முறை கோட்டை விட்டதில் பாதி இங்கேதான். போதாததற்குத் தவறான சொல் என்று வேர்ட் அடியில் போடுகிற சிவப்பு நெளி கோடும் கூடவே வந்துவிடும், அண்ணன் பெயருக்குக் கீழே வந்திருந்தது.

சரியான வழி இரண்டு படி. `File > Save As` போய் வகையில் PDF தேர்ந்தெடுங்கள், கீழே `Standard` என்பது இருக்கட்டும், `Minimum size` வேண்டாம். இப்போது எழுத்துரு பிடிஎஃபுக்குள்ளேயே பதிந்துவிட்டது, இனி எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து மாறாது.

அடுத்து அந்தப் பிடிஎஃபைப் படமாக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் செயலியில் `File > Open` கொடுத்தால் எந்த அளவில் திறக்க என்று கேட்கும். `Resolution` இடத்தில் 254 என்று அடியுங்கள். ஒரு அங்குலம் 2.54 செ.மீ. என்பதால் 254 என்றாலே செ.மீ.க்கு 100 பிக்சல், அகலம் 1200, உயரம் 1600 என்று பக்கத்தில் காட்ட வேண்டும், ஒன்றிரண்டு பிக்சல் கூடக்குறைய இருந்தால் கவலையில்லை. திறந்ததும் `Image > Flatten Image` கொடுத்துவிட்டு `File > Export As` மூலம் `azhaippu.png` என்று சேமியுங்கள். ஃபிளாட்டன் எதற்கு என்றால், பின்னணி இல்லாத வெள்ளைத் தாளாக இருந்தால் அந்த வெள்ளை உண்மையில் வெறுமையாக இருக்கக்கூடும், சில போன்களில் அது கறுப்பாகிக் கறுப்பில் கருஞ்சிவப்பு எழுத்து என்று கோலம் மாறிவிடும்.

கட்டளை வரி பழக்கம் உள்ளவர்கள், பாப்ளர் கருவிகள் நிறுவியிருந்தால், ஒரே வரியில் முடிக்கலாம்:

```
pdftoppm -png -singlefile -r 254 azhaippu.pdf azhaippu
```

மேக்கில் `Preview` செயலியிலேயே பிடிஎஃபைத் திறந்து `Export` கொடுத்து, PNG வகையும் 254 என்ற அளவும் கொடுத்தால் வேலை முடிந்தது. இணையத்தில் பிடிஎஃபைப் படமாக்கும் தளங்கள் ஏராளம் உண்டு, ஆனால் வீட்டு முகவரியும் "குடும்பத்தோடு இந்த நாளில் இந்த வீட்டில் இருப்போம்" என்ற தகவலும் உள்ள கோப்பை யார் கணினியிலோ ஏற்றுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

குழுவில் போடுவதற்கு முன்

கணினியிலிருந்து போனுக்கு யுஎஸ்பி கம்பி வழியாகவோ மின்னஞ்சல் இணைப்பாகவோ கொண்டுவாருங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, அங்கிருந்து சேமித்து, மறுபடி குழுவுக்கு ஏற்றினால் படம் இரண்டு முறை நசுங்கும். ஒருமுறை அனுப்பியதை ஃபார்வர்ட் மட்டும் செய்தால் அப்படி ஆகாது.

முதலில் வீட்டில் ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள், வயதானவராக இருந்தால் நல்லது. அனுப்பும் திரையின் மேலே `HD` என்று இருக்கும், அதைத் தட்டிவிட்டே அனுப்பலாம். ஆனால் சோதனையை அது இல்லாமலே செய்யுங்கள், பின்னால் யார் எப்படிப் பகிர்வார்கள் என்று தெரியாது. பிறகு அவர் போனை வாங்கிப் பாருங்கள், உங்கள் போனில் இருப்பதை அல்ல. அரட்டையில் சின்னப் பெட்டியாகத் தெரியும்போதே என்ன விசேஷம், என்ன தேதி என்று படிக்க முடிகிறதா? தட்டித் திறந்ததும், விரலால் விரிக்காமல், இடம் தெரிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் போதும். தேதியே பெட்டியில் தெரியவில்லை என்றால் 26-ஐ 30 ஆக்கி, விருந்து வரியையோ அன்புடையீரையோ எடுத்துவிடுங்கள். ஓரத்தில் வெட்டுப்பட்டால் அதே போல ஒரு வரியை எடுத்துவிட்டுத் தலைப்பை ஒரு வரி கீழே இறக்குங்கள்.

டாக்குமென்ட் ஆக அனுப்பினால் தரம் குறையாதே என்று சிலர் சொல்வார்கள். குறையாதுதான். ஆனால் குழுவில் எல்லார் கண்ணிலும் உடனே படும்படி பெரிதாக விரியாது, பதிவிறக்கித் திறக்க வேண்டும், பாதிப் பேர் திறக்க மாட்டார்கள். குழுவுக்குப் படமாகவே அனுப்புங்கள்.

படத்துக்குள் உள்ள எண்ணையும் முகவரியையும் தட்ட முடியாது, நகலெடுப்பதும் எல்லாருக்கும் வராது. அதனால் படத்தோடு சேர்த்துக் கீழே எழுதும் குறிப்பில் மூன்றே வரி: தேதியும் நேரமும், கூகுள் மேப் இணைப்பு, வழி கேட்க ஒரு போன் எண். இணைப்பை அனுப்பும் முன் நீங்களே தட்டிப் பாருங்கள், புது மனைப்பிரிவு என்றால் குறி பக்கத்துத் தெருவில் போய் நிற்பது வழக்கம். அதற்காக நேரத்தையோ இடத்தையோ குறிப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள், ஃபார்வர்ட் செய்பவர் குறிப்பை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் அனுப்பலாம். நான்கு விஷயமும் படத்தில் இருக்க வேண்டும், தட்ட வேண்டியவை மட்டும் குறிப்பில்.

இவ்வளவும் செய்து அனுப்பிய பிறகு ஒரு பிழை கண்ணில் படும், படாமல் இருக்காது. எனக்கு நேரம் மாறியிருந்தது, 6.00 – 7.30 என்பது 6.30 – 7.30 என்று போயிருந்தது. `Delete for everyone` கொடுத்தால் குழுவில் உள்ள பிரதி மறையும், அதுவும் அனுப்பி இரண்டு நாளுக்குள் என்றால்தான், ஏற்கெனவே அத்தை தன் அலுவலகக் குழுவுக்கு அனுப்பிவிட்ட பிரதி அப்படியே இருக்கும். அதனால் சத்தமில்லாமல் மாற்றிப் போடுவதில் பயனில்லை, இரண்டு படமும் ஒரே மாதிரி இருந்தால் எது சரி என்று யாருக்கும் தெரியாது. வேர்ட் கோப்பில் நேரத்தைத் திருத்தி, "உ" இருந்த வரியில் "திருத்திய அழைப்பு" என்று போட்டு, செவ்வகத்தின் நிறத்தைச் சந்தனத்திலிருந்து இளம்பச்சையாக மாற்றி, மறுபடி பிடிஎஃப், மறுபடி 254, மறுபடி குழு. போனில் கேட்பவர்களிடம் "பச்சைப் படத்தைப் பாருங்க அத்தை" என்று சொன்னால் முடிந்தது.